தளர விட்ட குழாய்

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டேகால் ஆகிவிட்டால் காத்தான்குடி ஒழுங்கைகளில் ஆண்பிள்ளை ஒருவரையும் காண முடியாது. புடைவைக்கடை முதலாளி முதல் ஐஸ்பழ வண்டிக்காரர் வரை எல்லாரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். குத்பா பிரசங்கம் கேட்டு, தொழுது, வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு அவர்கள் வீடு திரும்ப ஒன்றேகால் ஆகும்.

அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் உம்மா அனுமதி கொடுத்திருந்தாள்.

"ஒருக்கா மட்டுந்தான், கேட்டியா? எல்லாரும் உள்ளுக்குப் போன பிறகு ஏறு. தொழுது முடிக்கிறதுக்குள்ள இறங்கிரு" என்றாள் ஆசியா உம்மா. "இத்தாவில இருக்கிறவள் மாடியில நிக்கிறாள் எண்டு ஊர் கதைக்கப்படாது."

மகள் ஸைனம்பு தலையை மட்டும் ஆட்டினாள். புருஷன் அஹமட் மௌத்தாகிப் பதினாறு நாள் ஆகியிருந்தது. வேலை பார்த்த புடைவைக்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழும்பவில்லை. இத்தா முடியும் வரை, மொத்தம் நாலு மாதமும் பத்து நாளும், அவள் வெள்ளைச் சீலையோடு வீட்டுக்குள்ளே இருக்க வேண்டும். அந்நிய ஆண் கண்ணில் படக் கூடாது. சுற்றிவர மாடி வீடுகள். அவளுடைய மொட்டைமாடியில் நின்றால் பத்து வீட்டு மாடிகளுக்கும் தெரியும்.

ஆனால் மாடியில் இருபத்துநாலு ரெஜிபோம் பெட்டிகள் இருந்தன. மீன் ஐஸ் போட்டு அனுப்பும் வெள்ளைப் பெட்டிகள். பெட்டிக்கு இருபத்தைந்தாக அறுநூறு மிளகாய்க் கன்றுகள் அவற்றில் நின்றன. இரண்டாயிரத்து ஒன்பது செப்டெம்பரில் அடித்த கச்சான் காற்று, ஈரத் துணியை அரை மணியில் காய வைத்துவிடும் காற்று. கன்றுகளுக்கு இரண்டு வேளைத் தண்ணீர் கட்டாயம்.

இதுவரை பக்கத்து வீட்டு கைறுன்னிஸா ஏறி ஊற்றிக்கொடுத்தாள். மகளின் பிரசவத்துக்காக அவளும் இன்று காலை ஓட்டமாவடிக்கு பஸ் ஏறிவிட்டாள். உம்மாவுக்கு முழங்கால் வருத்தம். இனித் தண்ணீர் தானாகப் போனால்தான் உண்டு.

அதற்கான சாமான் எல்லாம் அஹமட் முன்னரே வாங்கி வைத்திருந்தார். ஒரு சுருள் கறுப்புக் குழாய், ஒரு பை நிறைய பிளாஸ்ரிக் துண்டுகள். பௌர்ணமிக்கு விடும் போயா லீவில் பூட்டலாம் என்றிருந்தார். அதற்கு முன்பே அவருக்கு நிரந்தர லீவு வந்துவிட்டது.

"தம்பி, காலைப் பாத்து வை. நிலம் வழுக்கும்" என்று உம்மா யாருக்கோ சொல்வது கேட்டது.

"எந்தக் கால உம்மா? ஒண்டு எனக்குச் சொந்தம். மற்றது கம்பனிச் சாமான்."

"அல்லாஹ்வே, பகிடியப் பாரு."

செங்கலடியில் விவசாயச் சாமான் கடை வைத்திருக்கும் ஜெயரூபன் அது. குழாயை விற்றவரும் அவர்தான், பூட்டித் தருவதாக அஹமட்டுக்குச் சொன்னவரும் அவர்தான். ஆனால் இந்த வீட்டுக்கு மாடிப்படி கட்டி முடியவில்லை. சுனாமி வந்தபோது பாதியில் நின்றது, அப்படியே நின்றுவிட்டது. மேலே போவதற்குப் பின் விறாந்தையில் சாத்திய மர ஏணி மட்டுந்தான். செயற்கைக் காலோடு அதில் ஏற முடியாது. அவருடைய கடைப் பொடியன் கொழும்பு போய் ஒரு கிழமை கழித்துத்தான் வருவான். கச்சான் ஒரு கிழமை பொறுக்காது.

அதனால், "நீங்க சொல்லுங்க, நான் பூட்டுறன்" என்று ஸைனம்பு போனில் சொல்லியிருந்தாள். ஏணிக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு சீலையைத் தொங்கவிட்டு, சீலைக்கு அந்தப் பக்கம் ஜெயரூபனுக்கு ஒரு கதிரை, இந்தப் பக்கம் காவலுக்கு உம்மா. ஏணி போய் முட்டும் திறப்பு வழியே குரல் மேலே வரும்.

வியாழக்கிழமை இரவே ஸைனம்பு பாதி வேலையை அறைக்குள் முடித்துவிட்டாள். குழாயில் இடைவெளி பார்த்துத் துளையிட்டு, ஒவ்வொரு துளைக்கும் சொட்டுக் குமிழை அழுத்திப் பூட்டினாள். குமிழின் அடியில் ஒரு பல் இருக்கும். "டக்" என்று உள்ளே விழுந்தால் திரும்பி வராது. பெட்டிக்கு இரண்டாக நாற்பத்தெட்டுக் குமிழ். காலையில் கைறுன்னிஸா பஸ்ஸுக்குப் போகுமுன் அந்தக் குழாயை மேலே கொண்டுபோய் வெயிலில் விரித்துப் போட்டாள். வெயில் பட்டால் சுருள் தானாக நிமிரும் என்று ஜெயரூபன் சொல்லியிருந்தார்.

பன்னிரண்டரை. ஸைனம்பு ஒரு கையில் சுடுதண்ணீர்ப் பிளாஸ்கும் இடுப்பில் சாமான் பையுமாக ஏணியில் ஏறினாள்.

பதினாறு நாளைக்குப் பிறகு வானம். கண் கூசியது. சீமெந்துத் தளம் செருப்பையும் மீறிச் சுட்டது. மேற்குச் சுவரோடு பன்னிரண்டு பெட்டி, தெற்குச் சுவரோடு பன்னிரண்டு பெட்டி. அவர் வைத்தபடியே இருந்தன. ஒரு கணம் நின்றாள். அழுவதற்கு நேரமில்லை.

"ஏறிட்டீங்களா ராத்தா?" கீழேயிருந்து ஜெயரூபன்.

"ஓம் தம்பி."

"தண்ணி ராங்கியிலயிருந்து வாற குழாயில வால்வு இரிக்கா? ஏணியில நிண்டு கையெட்டுற இடத்தில?"

"இரிக்கி. அவர் முதலே வெச்சிட்டார்."

"நல்லதாப் போச்சு. இனி நீங்க மேல ஏறத் தேவையில்ல, ஏணியில நிண்டே திறக்கலாம். வால்வுக்குக் கீழ ஒரு மூக்கு நிக்கும். வளையம் வளையமாப் பல்லு வெட்டியிருக்கும். குழாய்ட நுனியை நேரா வெட்டுங்க, சாய்ச்சு வெட்டப்படாது. பிளாஸ்க் மூடியில சுடுதண்ணி ஊத்தி நுனியை முக்கி இருபது எண்ணுங்க. மறுகா அந்த மூக்கில வெச்சுத் திருகித் திருகித் தள்ளுங்க. எல்லாப் பல்லும் உள்ளுக்குப் போய் முட்டோணும். ஒட்டோ நூலோ ஒண்டும் வேணாம். பல்லே பிடிச்சுக்கொள்ளும்."

அவள் எண்ணினாள். இளகின நுனி வழுக்கிக்கொண்டு பற்களின் மேலேறி, அடிக்கட்டையில் போய் முட்டி நின்றது. இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"போயிட்டு!"

"பாத்தீங்களா, கடைப் பொடியனுக்கு இதுக்கு அரை நாள் வேணும்."

மேற்குச் சுவரோடு குழாயைப் பெட்டிகளின் மேலே படுக்க வைத்துக்கொண்டே மூலைக்குப் போனாள். அங்கே குழாய் திரும்ப வேண்டும். மடக்கினால் நெளிந்து தண்ணீர் அடைபடும். அதனால் வெட்டி, எல்போ போட வேண்டும். இரண்டு பக்கமும் பல் வைத்த முழங்கைத் துண்டு அது. வெட்டினாள். பிளாஸ்கை எடுக்கத் திரும்பியபோது சீலைத் தலைப்பு சிக்கிப் பிளாஸ்க் சாய்ந்து உருண்டது. சுடுதண்ணீர் தளத்தில் ஓடி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்து போனது.

பள்ளி ஒலிபெருக்கியில் குத்பா நடந்துகொண்டிருந்தது. கேட்டுக் கேட்டுப் பழகின காது. இது இரண்டாவது குத்பா. இன்னும் கொஞ்ச நேரந்தான். தண்ணீர் கொதிக்க வைத்து ஏற்றுவதற்குள் தொழுகை முடிந்துவிடும்.

சூடாக்காமல் பச்சையாகவே தள்ளிப் பார்த்தாள். பாதிப் பல்லுக்கு மேல் போகவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"என்னகா சத்தம்?" என்றாள் உம்மா.

"ஒண்டுமில்ல உம்மா. கை உரிஞ்சிட்டு."

உம்மா ஏணியின் பாதி வரை முனகிக்கொண்டு ஏறி, தேங்காயெண்ணெய்ப் போத்தலை நீட்டினாள். "தடவிக்க."

ஸைனம்பு கையில் தடவினாள். பிறகு எல்போவையும் பார்த்தாள். பல் வைத்த இரண்டு பக்கத்துக்கும் எண்ணெய் பூசினாள். குழாய் வெண்ணெய் போல ஏறி முட்டியது. எவ்வளவு லேசு! இந்த யோசனை தனக்கே வந்ததில் ஒரு சின்னச் சந்தோஷங்கூட வந்தது.

அடுத்தது குழாயைச் சுவரோடு நிறுத்துவது. பிளாஸ்ரிக் பிடியை ஆணியால் அடிக்க வேண்டும். குழாய் வெயிலில் தொளதொளவென்று பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது. அவளால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அவளும் உம்மாவும் தறிக்காரிகள். சுனாமி கொண்டுபோகும் வரைக்கும் அவர்கள் வீட்டுப் பின்வளவில் இரண்டு தறி ஓடியது. பாவு தளர்ந்து நின்றால் நெய்கிற சாரன் கோணிப்போகும் என்று பத்து வயதிலேயே கையில் ஏறிய பாடம். தொடக்கத்தில் ஒரு பிடியை இறுக்கி அடித்தாள். மறு கோடியில் நின்று குழாயைக் கை நரம்பு புடைக்க இழுத்து, அங்கேயும் ஒன்று இறுக்கினாள். தெற்குச் சுவருக்கும் அதே மாதிரி. குழாய் இரண்டு பக்கமும் நூல் பிடித்தது போல நேராக நின்றது. ஒவ்வொரு சொட்டுக் குமிழும் அதனதன் பெட்டிக்கு மேலே.

"நுனியை மூடாம முதல்ல தண்ணிய விடுங்க ராத்தா. உள்ளுக்குக் கிடக்கிற தூள் துப்பட்டும். மறுகா நுனியை மடிச்சு அந்த எட்டுப்போல இரிக்கிற வளையத்தை மாட்டுங்க."

அப்படியே செய்தாள். ஒரு நிமிடத்தில் நாற்பத்தெட்டுக் குமிழும் சொட்டின. மண் கறுத்தது.

"சொட்டுது தம்பி! எல்லாம் சொட்டுது!"

"அல்ஹம்துலில்லாஹ் எண்டு உம்மா சொல்லுவா, நான் முருகா எண்டு சொல்றன்" என்றார் ஜெயரூபன். உம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். துக்க வீட்டில் சிரிக்கக் கூடாதல்லவா.

ஒழுங்கையில் முதல் சைக்கிள் மணி கேட்பதற்குள் ஸைனம்பு கீழே இறங்கிவிட்டாள்.

அறுநூறு கன்று அந்த வீட்டுக்கு எதற்கு என்று கேட்டால், அது சாமித்தம்பிக்கு அஹமட் கொடுத்த வாக்கு.

சாமித்தம்பி கிரானுக்கு மேற்கே தோட்டம் செய்கிறவர். மகள் கலியாணத்துக்குச் சீலை எடுக்க வந்த இடத்தில் அஹமட்டுக்குப் பழக்கம். சுனாமி வந்த அன்று இந்த மொட்டைமாடியில் நாற்பது பேர் நின்றார்கள். அஹமட் கயிறு விட்டு இழுத்தெடுத்தவர்கள்தான் பாதிப் பேர். கடல் திரும்பிப் போன பிறகு தறியும் இல்லை, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது, வளவு மண் உப்பு வெளுத்துக் கிடந்தது. ஒரு புல்கூட முளைக்கவில்லை. அப்போது சாமித்தம்பி ஒரு உழவு மெஷின் பெட்டி நிறைய மண் ஏற்றிக்கொண்டு வந்து ஒழுங்கையில் நிறுத்தினார். அறுபது சாக்கு.

"கத்தரியோ மிளகாயோ வைச்சுச் சாப்பிடுங்க. உங்கட மண்ணுக்கு உப்பு இறங்க ரெண்டு மூண்டு மாரி செல்லும்."

அஹமட் அந்த அறுபது சாக்கையும் கயிறு கட்டி மாடிக்கு இழுத்தார். ஏன் மேலே என்று கேட்டவர்களுக்கு, "கடல் திரும்ப வந்தாலும் இந்த மண்ணைத் தொடாது" என்றார்.

பிறகு இரண்டாயிரத்து ஏழில் சாமித்தம்பியின் பக்கம் ஷெல் விழுந்தது. அவர் குடும்பத்தோடு முகாமுக்குப் போனார். யுத்தம் முடிந்து திரும்பிப் போய்ப் பார்த்தால் தோட்டம் பற்றைக்காடு. விதைமிளகாய் வைக்க ஒரு பானைகூட மிஞ்சவில்லை. ஆகஸ்டில் அவரைப் பார்த்துவிட்டு வந்த அஹமட் அன்று இரவு சோறு சாப்பிடவில்லை. "ஐப்பசி முதல் மழைக்கு அறுநூறு கண்டு தாறன் எண்டு சொல்லிட்டு வந்திருக்கன்" என்றார். அடுத்த நாளே விதை போட்டார்.

"அவர் மௌத்தான பிறகு அந்த மனிசன் கேட்டுக்கொண்டா வரப்போறார்?" என்று உம்மா ஒருநாள் சொன்னாள்.

"வரமாட்டார் உம்மா. அதுதான் எனக்குப் பயம்" என்றாள் ஸைனம்பு. "கேக்கிற ஆளெண்டால் சாட்டுச் சொல்லலாம்."

வெள்ளி பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஏணியில் நின்று வால்வைத் திறந்தாள். அரை மணி விட்டு மூடினாள். சனி காலையும் மாலையும் அப்படியே. ஞாயிறு காலையும் அப்படியே. காதை வைத்தால் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. மனம் ஆறியது. ஏணியின் உச்சிப் படியில் நின்றால் மேற்குச் சுவரின் முதல் இரண்டு பெட்டி தெரியும். அதில் கன்றுகள் பச்சைப் பசேலென்று நின்றன.

ஞாயிறு பின்னேரம் அறையில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தவளின் தோளில் ஒரு துளி விழுந்தது. நிமிர்ந்தாள். தெற்கு மூலையில் தலைக்கு மேலே தளத்தில் ஒரு பாயளவு ஈரம்.

மழையில்லாத ஊரில் கூரைக்கு எங்கிருந்து ஈரம் வரும்? மேலே தண்ணீர் தேங்குகிறது. மழைநீர் இறங்கும் பீலியில் சருகு அடைத்திருக்கும், அதனால் வெளியே ஒரு சொட்டும் விழவில்லை. சொட்டுச் சொட்டாக விழும் தண்ணீர் அப்படித் தேங்காது. எங்கேயோ குழாய் கழன்றுவிட்டது. அப்படியானால் அதற்கு அங்காலே உள்ள பெட்டிகளுக்கு?

போனை எடுத்தாள்.

"ராத்தா, எந்த மூலையில ஈரம்?" என்று கேட்டார் ஜெயரூபன்.

"எல்போ போட்ட மூலை."

"அது கழண்டிருக்கு. தெற்குச் சுவர்ப் பெட்டிக்கு வெள்ளிக்கிழமைக்குப் பிறகு தண்ணி போயிருக்காது." குரலில் பகிடி இல்லை. "சுடுதண்ணியில முக்கித்தானே தள்ளினீங்க?"

அவள் சொன்னாள். பிளாஸ்க் கவிழ்ந்தது, எண்ணெய் பூசியது எல்லாம்.

போனில் ஒரு பெருமூச்சு. "எண்ணெய் போட்டால் லேசாப் போகும், லேசா வரும். பல்லு கடிச்சுப் பிடிக்கிறதுதான் அதின்ட வேலை. எண்ணெய் அந்தக் கடியை விடுவிச்சுரும். அதுவும் தானாக் கழண்டிராது, ஏதாவது இழுத்திருக்கோணும். குழாயை எப்பிடிப் போட்டீங்க? நெளிவு விட்டா?"

"நெளிவா? நான் பாவு மாதிரி இழுத்து இறுக்கின."

"பகல் ஒரு மணி வெயிலில?"

"ஓம்."

"அந்தக் குழாய் சூட்டில நீளும் ராத்தா. இரவு குளிர்ந்தால் சுருங்கும். உங்கட சுவர் நீளத்துக்கு மூணு விரலளவு சுருங்கும். ரெண்டு பக்கமும் ஆணியடிச்சு நிப்பாட்டினால் அது எங்கயால சுருங்கும்? எல்போவை விட்டுட்டு வந்திரும். பிழை என்னில. நீங்க தறிக்காரி எண்டு அஹமட் நானா சொல்லியிருக்கார். இழுத்து இறுக்காதீங்க எண்டு நான் முதல்லயே சொல்லியிருக்கோணும்."

"இப்ப என்ன செய்ய?"

"விடியக்காலமை, சூடு ஏற முதல் செய்யுங்க. எண்ணெய் பட்ட நுனி ரெண்டையும் ரெண்டங்குலம் வெட்டி எறியுங்க. எல்போவைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைச்சு எடுங்க. சுடுதண்ணியில முக்கித் திரும்பப் போடுங்க. பிடியை எல்லாம் இளக்கி விடுங்க. குழாய் அதுக்குள்ள ஓடித் திரியோணும். சாரைப்பாம்பு போறமாதிரி நெளிவு விடுங்க. வடிவு பார்க்க வேணாம்."

போனை வைத்துவிட்டு உம்மாவைப் பார்த்தாள். உம்மா எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வெள்ளி வரட்டும்" என்றாள் உம்மா.

"வெள்ளிக்கு அது வைக்கோல் உம்மா."

"இப்ப இருட்டினதும் ஏறு. ஒருத்தரும் காணமாட்டாங்க."

"இருட்டில பல்லு முழுக்கப் போனதா எண்டு எப்பிடிப் பார்க்க? அப்பிடி அரைகுறையாச் செய்துதானே இந்த நிலை. விளக்குப் பிடிச்சால் அதுவும் ஊருக்குத் தெரியும்."

"அதுக்காகக் காலமை வெளிச்சத்தில, சுபஹ் தொழுதிட்டு ஆம்பிளையள் வாற நேரத்தில ஏறப்போறியா? உன்ட புருஷன்ட மரியாதை என்ன ஆகிற?"

ஸைனம்பு தலைக்கு மேலே தளத்தைப் பார்த்தாள். "அவர்ட மரியாதை கீழ இல்ல உம்மா. மேல வாடிக்கொண்டு நிக்குது."

உம்மா எழும்பி உள்ளே போய்விட்டாள்.

திங்கள் விடிந்தது. ஸைனம்பு சுபஹ் தொழுதுவிட்டு, தண்ணீர் கொதிக்க வைத்துப் பிளாஸ்கில் ஊற்றினாள். இந்த முறை மூடியை இறுக்கித் துணியால் இடுப்போடு கட்டிக்கொண்டாள். சவர்க்காரம், பழைய சாரன் துண்டு, கத்தி. முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டு ஏணியில் கால் வைத்தாள். தொழுதுவிட்டு வருகிறவர்களின் பேச்சு ஒழுங்கையில் கேட்டது.

மேலே தெற்குச் சுவரைப் பார்த்தபோது கால் நின்றுவிட்டது. கடைசி ஐந்து பெட்டியில் கன்றுகள் தண்டோடு மடிந்து, மண்ணில் ஒட்டிக் கிடந்தன. மற்ற ஏழிலும் தலை தொங்கிவிட்டது. மூலையில் எல்போ கிடந்தது. அதன் வாய்க்கும் குழாயின் வாய்க்கும் நடுவில் சரியாக மூன்று விரல் இடைவெளி. அதில் வந்த தண்ணீர் எல்லாம் தளத்தில் குளமாக நின்றது. கன்றுகள் காய்ந்த பெட்டிகளின் அடியிலேயே அந்தத் தண்ணீர் நின்றது.

அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. குனிந்து பீலிச் சருகைத் தோண்டி எறிந்தாள். தண்ணீர் சடசடவென்று கீழே கொட்டியது. அந்தச் சத்தத்துக்குப் பக்கத்து மாடியில் யாரோ வந்துவிடப் போகிறார்கள் என்று அப்போதுதான் நினைத்தாள். சுவரோரம் ஒடுங்கிக் குந்தினாள்.

அப்போது பின்னால் ஏணி கிறீச்சிட்டது.

திறப்பில் முதலில் ஒரு வெள்ளைக் கட்டில் விரிப்பு வந்தது. பிறகு உம்மாவின் கை. பிறகு உம்மா, ஒவ்வொரு படிக்கும் "யா அல்லாஹ்" என்று சொல்லிக்கொண்டு, முழங்காலை மாடி விளிம்பில் ஊன்றி ஏறி வந்தாள்.

"உம்மா! உங்கட முழங்கால்…"

"முழங்காலப் பிறகு பார்ப்பம். நீ வேலையப் பாரு." உம்மா விரிப்பை உதறி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். ஸைனம்புவுக்கும் பக்கத்து மாடிகளுக்கும் நடுவில் ஒரு வெள்ளைச் சுவர் எழுந்தது. "பாக்கிறவன் என்னைப் பாக்கட்டும். கிழடைப் பாத்து என்ன செய்யப்போறான்."

பக்கத்து மாடியில் இருமல் சத்தம். முஹம்மட் ஹாஜியார். பிறகு அவர் தன் வீட்டுக்குள் திரும்பி உரக்கச் சொன்னார்: "இஞ்ச, ஆம்பிளையள் ஒருத்தரும் மாடிக்கு ஏறவேணாம். நான் சொல்லும்வரைக்கும்." கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஸைனம்பு எண்ணெய் பட்ட நுனிகளை வெட்டினாள். எல்போவின் பற்களுக்குள் விரலை விட்டுச் சவர்க்காரத்தால் தேய்த்து, கழுவி, சாரன் துண்டால் ஈரம் போகத் துடைத்தாள். பிளாஸ்க் மூடியில் நுனியை முக்கி இருபது எண்ணினாள். திருகித் தள்ளினாள். முதல் பல். இரண்டாவது. மூன்றாவது. முட்டியது. மறுபக்கமும் அப்படியே. இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

பிறகு ஆணிகளை நெம்பிப் பிடிகளை இளக்கினாள். வெட்டி எறிந்ததால் குழாய் குறைந்திருந்தது. கோடியில் மிச்சமாகக் கிடந்த நீளத்தை இந்தப் பக்கம் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தாள். பெட்டிக்குப் பெட்டி குழாய் வளைந்து நெளிந்து கிடந்தது. குமிழ்களை மட்டும் ஒவ்வொரு பெட்டியிலும் மண்ணுக்கு நேரே திருப்பி, நைலோன் நூலால் தொளதொளவென்று கட்டினாள்.

உம்மா விரிப்பின் மேலாக எட்டிப் பார்த்தாள். "இதென்னகா, குடிகாரன் கட்டின பாவு மாதிரி."

"அப்பிடித்தான் கிடக்கோணுமாம்."

"அல்லாஹ்வே." உம்மாவின் கைகள் நடுங்கின. ஆனால் விரிப்பு கீழே இறங்கவில்லை.

வால்வைத் திறந்தாள். இந்த முறை மூலையில் குந்தியிருந்து எல்போவையே பார்த்தாள். ஒரு துளி கசியவில்லை. தெற்குச் சுவரில் முதல் குமிழ் சொட்டியது, இரண்டாவது, மூன்றாவது… கடைசியாகச் செத்துப்போன ஐந்து பெட்டிக்கும் சொட்டியது. அவற்றை மூடிவிட அவளுக்கு மனம் வரவில்லை.

பத்து மணிக்கு ஏழு பெட்டிக் கன்றும் தலை தூக்கின என்று, முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றைக் கம்பில் கட்டி ஏணியிலிருந்து நீட்டிப் பார்த்துச் சொன்னவள் உம்மாதான். அந்த யோசனையும் உம்மாவுடையதே. அன்று தொடக்கம் ஒவ்வொரு வேளையும் வால்வைத் திறந்ததும் கண்ணாடியில் எல்போவைப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. குளிர்ந்த விடியற்காலையில் நெளிவு கொஞ்சம் நிமிர்ந்திருக்கும். உச்சி வெயிலில் திரும்ப நெளியும். எல்போ இருந்த இடத்திலேயே இருந்தது.

சாமித்தம்பி கேட்டு வரமாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஐப்பசியில் முதல் மழை இரண்டு நாள் பெய்து விட்டதும் ஜெயரூபனிடம் சொல்லி அனுப்பினாள்.

சாமித்தம்பி தன் மருமகன் திவாகரனோடு உழவு மெஷினில் வந்தார். கூடத்துச் சீலைக்கு அப்பால் வந்து நின்றார். மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது.

"மகள்" என்றார். "நான் கண்டுக்கு வரேல்ல. அவருக்காக வந்த நான்."

"தெரியும் அப்பு. ஆனால் கண்டு நிக்கிது. ஏறிப் பாருங்க."

திவாகரன் ஏறிப் பெட்டிகளைக் கயிற்றில் இறக்கினான். பத்தொன்பது பெட்டி. சாணளவு உயரம், தடித்த தண்டு. சாமித்தம்பி ஒரு கன்றைத் தொட்டுத் தடவுவதை உம்மா சீலையை விலக்கிப் பார்த்துவிட்டு ஸைனம்புவுக்குச் சாடை காட்டினாள்.

"மாமா, மேல இன்னும் அஞ்சு பெட்டி இரிக்கி" என்றான் திவாகரன். "சின்னஞ்சிறு முளை. இப்பத்தான் இலை விட்டிருக்கு."

ஸைனம்பு சீலைக்கு நெருங்கி வந்தாள். "அதில நிண்ட கண்டு என்ட பிழையால செத்துப்போச்சு அப்பு. ஒரு வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம் ஏறித் திரும்ப விதைச்சிருக்கன். அறுநூறு எண்டு அவர் சொன்னவர். இப்ப குறையுது."

வெளியே உழவு மெஷின் இயங்கிக்கொண்டிருந்தது. சாமித்தம்பி பதில் சொல்லத் தொடங்கி நிறுத்தினார். குறை ஒன்றுமில்லை, இதுவே போதும் என்று சொல்லத்தான் வாய் திறந்திருப்பார். அதைச் சொல்லிவிட்டால் தன் வேலை முடியாமலே முடிந்துவிடும் என்று ஸைனம்பு பயந்தாள். சீலையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"அந்த அஞ்சும் எப்ப நடுற பருவத்துக்கு வரும்?" என்று கேட்டார் அவர்.

"கார்த்திகை நடுவில."

"சரி மகள். அந்த அஞ்சு பெட்டிக்கு நிலத்தைக் கொத்தி வெறுமனே போட்டு வைக்கிறன். கார்த்திகையில வந்து எடுக்கிறன்."

மெஷின் ஒழுங்கையைக் கடந்து போகும் சத்தம் தேயும் வரை ஸைனம்பு அசையவில்லை. பிறகு எழும்பி ஏணியின் மேல்படிக்குப் போனாள். வானம் திரும்பவும் வெளித்திருந்தது, மழைக்கான அறிகுறி இல்லை. பெட்டிகள் போய்விட்ட பத்தொன்பது இடத்திலும் குமிழ்களை எப்படி அடைப்பது என்று நாளைக்கு ஜெயரூபனிடம் கேட்க வேண்டும். இன்றைக்கு ஐந்து பெட்டிக்காக வால்வைத் திறந்தாள்.